வட்டி மாறியது: கூடியது தவணையா, காலமா?

மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு வங்கியிலிருந்து வரும் வட்டி மாற்ற அறிவிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று வரிக்கு மேல் இருப்பதில்லை. ‘உங்கள் கடனுக்கான வட்டி விகிதம் 1.4.2023 முதல் 8.90 சதவீதத்திலிருந்து 9.15 சதவீதமாக மாற்றப்பட்டுள்ளது. மாதத் தவணையோ கடன் காலமோ அதற்கேற்ப மாற்றியமைக்கப்படும்’ என்கிற அளவில் அது முடிந்துவிடும். குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ, அநேகமாக ஆங்கிலத்தில் வரும். படித்தவர் அடுத்த தவணை நாளில் கணக்கிலிருந்து எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். வழக்கமான தொகைதான் போயிருக்கிறது என்றால், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவார்.

அங்கேதான் பிசகு. வட்டி ஏறியும் தவணை ஏறவில்லை என்றால், கடன் முடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எத்தனை மாதம் தள்ளிப்போனது என்பதை அந்த இரண்டு வரி சொல்வதில்லை. ஆனால் கையில் மூன்று எண்கள் இருந்தால் அதை நாமே கண்டுபிடித்துவிடலாம். வங்கி நமக்காக எதைத் தேர்ந்தெடுத்தது, அதற்கு விலை என்ன, அதை மாற்றச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குப் பிறகுதான் தெளிவாகும்.

முதலில் தவணைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒவ்வொரு மாதமும் நிலுவையில் உள்ள அசலுக்கு அந்த மாத வட்டியை வங்கி கணக்கிடுகிறது. நாம் கட்டும் தவணையிலிருந்து முதலில் அந்த வட்டி கழிகிறது. மிச்சம்தான் அசலைக் குறைக்கிறது. தவணைத் தொகை மாறாமல் வட்டி மட்டும் ஏறினால், அசலுக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. அசல் மெதுவாகக் குறைவதால் கடன் நீள்கிறது. ஆக நிலுவை அசல், ஆண்டு வட்டி, மாதத் தவணை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை என்ற நான்கும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. எந்த மூன்று தெரிந்தாலும் நான்காவது தானாக வந்துவிடும். அறிவிப்பில் வட்டி இருக்கிறது. தவணையைப் பாஸ்புக் சொல்கிறது. நிலுவை அசல் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டில் இருக்கிறது. விடுபட்டிருப்பது மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஒன்றுதான்.

ஒரு கடனை எடுத்துக்கொண்டு அதன் அறிவிப்புகளை வரிசையாகப் படித்துப் பார்ப்போம். கடன் கணக்குக்காக எடுத்துக்கொண்டது. வட்டி ஏற்றம் நிஜமானது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் 4 சதவீதத்திலேயே இருந்தது. 2022 மே 4-ஆம் தேதி தொடங்கி, 2023 பிப்ரவரி 8-க்குள் ஆறு தடவையில் அது 6.50 சதவீதத்துக்குப் போனது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீத ஏற்றம்.

2021 ஏப்ரலில் ஒருவர் 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு, அதாவது 240 தவணைக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி, ரெப்போவுக்கு மேல் 2.65 சதவீதம். ஆகவே தொடக்கத்தில் 6.65. தவணை ரூ.22,633. வங்கி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வட்டியைத் திருத்துகிறது. தவணைத் தொகையைத் தொடுவதில்லை.

2022 ஜூலை முதல் தேதி முதல் அறிவிப்பு வருகிறது: வட்டி 7.55. அதற்குள் 14 தவணை கட்டியாகிவிட்டது; 226 பாக்கி. நிலுவை அசல் ஏறத்தாழ ரூ.29,12,800. புதிய வட்டியில் 22,633 ரூபாயாகவே கட்டினால் கடன் முடிய 265 தவணை ஆகும். ஒரு சதவீதத்துக்கும் சற்றே குறைந்த ஏற்றத்துக்கு 39 மாதம் கூடிவிட்டது. அக்டோபரில் வட்டி 8.55 ஆகிறது, மீதி 344. ஜனவரியில் 8.90, மீதி 401. 2023 ஏப்ரல் முதல் தேதி வரும் அறிவிப்புதான் மேலே நாம் பார்த்தது. 8.90 வட்டி 9.15 ஆகிறது. வெறும் கால் சதவீதம்.

அந்த நாளில் நிலுவை அசல் ஏறத்தாழ ரூ.28,90,300. இதை 9.15 சதவீதத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி ரூ.22,038. தவணை ரூ.22,633. அசலுக்குப் போவது 595 ரூபாய். இருபத்து மூன்று தவணை கட்டி முடித்தவருக்கு முதலில் போட்ட கணக்குப்படி 217 தவணைதான் பாக்கி இருந்திருக்க வேண்டும். இப்போது 480 பாக்கி. இன்னும் நாற்பது ஆண்டு. நாற்பது வயதில் கடன் வாங்கியவர் எண்பதைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருப்பார். பாஸ்புக்கைத் திருப்பினால் ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது.

மீதித் தவணையைக் கண்டுபிடிக்கப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள எந்த விரிதாளிலும் ஒரு கட்டத்தில் இதைத் தட்டினால் போதும்:

```
=NPER(9.15%/12, -22633, 2890300)
```

விடை 479-ஐச் சற்றுத் தாண்டி வரும். கடைசித் தவணை அரைகுறையானது என்பதால் 480 என்று வைத்துக்கொள்ளலாம். தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிடக் கூடாது. அது கையைவிட்டுப் போகும் பணம் என்பதற்கான அடையாளம். முதலில் போட்ட 217 தவணையிலேயே கடன் முடிய வேண்டுமென்றால் தவணை எவ்வளவாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்க இன்னொரு வரி:

```
=PMT(9.15%/12, 217, -2890300)
```

இதற்கு விடை ரூ.27,288. மாதம் 4,655 ரூபாய் கூடுதல். அது சிறிய தொகை இல்லை. பல குடும்பங்களால் அன்றைக்குத் தாங்கியிருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் இரண்டு பாதைகளிலும் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். 27,288 ரூபாயாக 217 மாதம் கட்டினால் 59 லட்சம் சொச்சம். 22,633 ரூபாயாக 480 மாதம் கட்டினால் ஒரு கோடியே எட்டு லட்சம். நாற்பது ஆண்டு கழித்துக் கொடுக்கும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது, வட்டியும் அதே நிலையில் நிற்காது என்பதையெல்லாம் கழித்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய முடிவை ஒருவருக்காக இன்னொருவர் எடுத்துவிட்டு, அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விடுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வங்கிகள் ஏன் தவணையை விட்டுவிட்டுக் காலத்தைத் தொடுகின்றன? ஒரு காரணம் நிர்வாக வசதி. தவணையை நம் கணக்கிலிருந்து பிடிக்க நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த மேண்டேட்டில் ஓர் உச்சத்தொகை இருக்கும். தவணை அதைத் தாண்டினால் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். காலத்தை நீட்டுவதற்குக் கையெழுத்து வேண்டாம். கணினியில் ஓர் எண் மாறினால் போதும். இன்னொன்று, தவணை திடீரென ஏறினால் சிலர் கட்டத் தவறுவார்கள். கடன் வாராக்கடன் பக்கம் சாயும். காலம் நீண்டால் அந்த ஆபத்து தற்காலிகமாகத் தள்ளிப்போகிறது. வட்டி வருமானமும் நீள்கிறது. வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியக்கூடிய முடிவுதான்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வங்கிகள் தங்கள் கொள்கையில் அதிகபட்சக் கடன் காலத்தையும், கடன் முடியும்போது வாங்கியவருக்கு இருக்கக்கூடிய அதிகபட்ச வயதையும் வரையறுத்து வைத்திருக்கின்றன. காலம் அந்த எல்லையைத் தொட்டபிறகு வட்டி ஏறினால் தவணையை உயர்த்தியே ஆக வேண்டும். அதனால்தான் வட்டி வேகமாக ஏறிய நாட்களில் பலருக்கு முதல் சில அறிவிப்புகளில் தவணை அப்படியே இருந்து, பிறகு ஒரு மாதத்தில் திடீரென ஏறியது. அவர்களில் பலர் தவணை ஏறிய அன்றுதான் வட்டி ஏறியது என்று நினைத்தார்கள். அதற்கு முன்பே காலம் எல்லை வரை நீண்டுபோயிருந்தது என்பது அவர்கள் கவனத்துக்கு வரவில்லை. ஆகவே தவணை கூடியிருக்கிறது என்று கண்டால், காலம் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் கூடியிருக்கலாம். அதற்கும் மேலே சொன்ன கணக்கேதான் சோதனை: புதிய தவணையை முதல் வரியில் போட்டுப் பார்த்தால், வருகிற எண் பழைய மீதியோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எல்லைக்கும் அப்பால் இன்னொரு நிலை இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் நிலுவை அசல் 28.9 லட்சத்துக்குப் பதில் 29 லட்சத்து 69 ஆயிரமாக இருந்திருந்தால், 9.15 சதவீதத்தில் அந்த மாத வட்டியே 22,633 ரூபாயைத் தாண்டிவிடும். தவணை முழுவதும் வட்டிக்கே போதாது. மிச்ச வட்டி அசலில் ஏறும். கட்டக் கட்டக் கடன் வளரும். அப்படிப்பட்ட கடனுக்கு மீதித் தவணை என்று ஒன்று கிடையாது. விரிதாளில் மேற்சொன்ன வரியைப் போட்டால் எண் வராது, `#NUM!` என்று பிழைதான் வரும். இதே 30 லட்சத்தை இதே வட்டியில் ஓராண்டு தாமதமாக வாங்கியவர், அசலைப் போதுமான அளவு குறைக்க நேரம் கிடைக்காததால், இந்த விளிம்பைச் சற்றே தாண்டியிருப்பார். ஆகவே அறிவிப்பு கையில் கிடைத்ததும் செய்யவேண்டிய முதல் சோதனை இதுதான்: நிலுவையை வட்டியால் பெருக்கி, 12-ஆல் வகுத்து, தவணையோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளமாகக் காலம் போயிருக்கிறது. இதற்கு விரிதாள்கூட வேண்டாம்.

கடனின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. அறுபது தவணை பாக்கி இருக்கும்போது வட்டி 8-லிருந்து 9 ஆனால், தவணை மாறாமலே 62-இல் முடிந்துவிடும். அசல் கரைந்துவிட்டதால் வட்டிக்குப் பிடிப்பு குறைவு. வட்டி ஏற்றம் கடுமையாகத் தாக்குவது கடன் வாங்கி முதல் ஐந்தாறு ஆண்டுக்குள் இருப்பவர்களைத்தான்.

இனி அறிவிப்பையும் ஸ்டேட்மென்டையும் படிக்கும்போது வழக்கமாகத் தடுமாறும் இடங்கள். சில வங்கிகள் ‘ரிவைஸ்டு டெனர்’ என்று கடன் தொடங்கிய நாளிலிருந்து மொத்தக் காலத்தைக் கொடுக்கின்றன. சில ‘பேலன்ஸ் டெனர்’ என்று மீதியை மட்டும் கொடுக்கின்றன. நம் எடுத்துக்காட்டில் முதல் வகை 503 என்றும் இரண்டாவது வகை 480 என்றும் காட்டும். எது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு இரண்டு ஆண்டு பிசகிவிடும். வேறு சில இடங்களில் கடைசித் தவணை எந்த மாதம் என்பது மட்டும் இருக்கும். அங்கே மாதங்களை நாமே எண்ண வேண்டும்.

ஒப்பீட்டை எதனோடு செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். பலர் அனுமதிக் கடிதத்தில் இருந்த 240-ஐ மனதில் வைத்துக்கொள்கிறார்கள். இடையில் போனஸ் பணத்தையோ நகை விற்ற பணத்தையோ அசலில் கட்டியிருந்தால் கடன் அதற்கேற்பக் குறுகியிருக்கும். பின்னர் வட்டி ஏறி அது மறுபடி நீளும். அப்போது மொத்தக் காலம் இன்னும் 240-க்குள்ளேயே இருக்கும். ஒன்றும் ஆகவில்லை போலத் தோன்றும். உண்மையில் நாம் முன்கூட்டிக் கட்டிச் சேர்த்த ஆதாயத்தை வட்டி ஏற்றம் விழுங்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க, வட்டி மாறுவதற்கு முந்தின நாள் நிலவரத்தைத்தான் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். நிலுவை அசலை அப்படியே வைத்துக்கொண்டு பழைய வட்டியில் ஒரு தடவை, புதிய வட்டியில் ஒரு தடவை மீதித் தவணையைக் கணக்கிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த அறிவிப்பு செய்த வேலை.

தவணை கூடியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வங்கி தவணையை உயர்த்தியும், மேண்டேட்டில் உள்ள உச்சத்தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், பழைய தொகையே பிடிக்கப்பட்டு வித்தியாசம் பாக்கியாக நிற்கலாம். பிடிப்பு முழுவதுமாகத் திரும்பியும் வரலாம். இரண்டிலும் அபராதம் விழ வாய்ப்புண்டு. கடன் மதிப்பெண்ணும் அடிபடலாம். அறிவிப்பில் ஒரு தொகையும் பாஸ்புக்கில் வேறு தொகையும் இருந்தால் உடனே கிளையில் கேட்டுவிட வேண்டும்.

வட்டி எண்ணே சரியா என்ற கேள்வியும் உண்டு. அதற்குக் கடன் எந்த அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். 2010 ஜூலைக்கு முன் வங்கிகள் தங்களின் பி.பி.எல்.ஆர். விகிதத்தை வைத்துக் கடன் கொடுத்தன. பிறகு அடிப்படை விகிதம் வந்தது. 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். வந்தது. மூன்றுமே வங்கி தன் செலவுகளை வைத்துத் தானே கணக்கிடுகிற விகிதங்கள். ரெப்போ குறைந்தாலும் அந்தக் குறைப்பு பழைய வாடிக்கையாளருக்கு வந்து சேரவில்லை என்ற குறை நீண்ட நாள் இருந்தது. ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த ஆய்வுக் குழு 2017-இல் கொடுத்த அறிக்கை, விகிதங்களைக் கணக்கிடுவதில் வங்கிகள் தம் விருப்பப்படி நடந்துகொண்டதைச் சுட்டிக்காட்டி, வெளியிலுள்ள ஓர் அளவுகோலோடு கடன்களைக் கட்டச் சொன்னது. அதன்படி 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்த வேண்டும்.

இந்த வகைக் கடனில் சரிபார்ப்பது எளிது. ரெப்போ எவ்வளவு மாறியதோ அவ்வளவே நம் வட்டியும் மாற வேண்டும். 6.25 ரெப்போ 6.50 ஆனால் நம் 8.90 வட்டி 9.15 ஆக வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால் ரெப்போவுக்கு மேல் வைத்திருந்த ஸ்ப்ரெட் மாறியிருக்கிறது. அதை வங்கி நினைத்தபோதெல்லாம் ஏற்றிவிட முடியாது. ஸ்ப்ரெட்டில் கடன் ஆபத்துக்கான பகுதி, வாங்கியவரின் கடன் தகுதி குறிப்பிடத்தக்க அளவு மாறினால்தான் மாறலாம். நிர்வாகச் செலவு போன்ற மற்றப் பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு தடவைதான் மாற்றலாம். வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைப்பதானால் அந்த மூன்றாண்டு காத்திருப்பை 2025 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி தளர்த்தியிருக்கிறது. வீட்டு நிதி நிறுவனங்களில் வாங்கிய கடன் வேறு கதை. அவற்றை இந்த வெளி அளவுகோல் விதி கட்டுப்படுத்தாது. தங்களின் சொந்த முதன்மை விகிதத்தை வைத்தே அவை வட்டியைத் திருத்துகின்றன. ரெப்போவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழி அங்கே இல்லை. மீதித் தவணைக் கணக்கு மட்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

காலம் ஓசையில்லாமல் நீண்டதைப் பற்றிய புகார்கள் குவிந்த பிறகு, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பழைய கடன்களுக்கும் புதிய கடன்களுக்கும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. வங்கிகளோடு வீட்டு நிதி நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். அதில் நம் கேள்வியை நேராகத் தொடும் அம்சங்கள் சில உண்டு. வட்டி மாற்றத்தால் தவணையோ காலமோ இரண்டுமோ கூடினால் அதை உடனே தெரிவிக்க வேண்டும். வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். காலத்தை நீட்டுவதால் தவணை வட்டிக்கே போதாமல் போகும் நிலை வரக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டேட்மென்ட் கிடைக்கச் செய்ய வேண்டும். அதில் இதுவரை வசூலித்த அசல், வசூலித்த வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, முழுக் காலத்துக்குமான ஆண்டு வட்டி ஆகியவை இருக்க வேண்டும்.

இவற்றில் கடைசியாகச் சொன்ன ஸ்டேட்மென்ட்தான் மிகவும் பயன்படும் என்பேன். குறுஞ்செய்தியில் இல்லாத எண் அதில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு காலாண்டு ஸ்டேட்மென்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் மூன்று தவணை கட்டியிருப்பதால் மீதி மூன்று குறைந்திருக்க வேண்டும். 223 என்றிருந்தது 220 ஆகியிருந்தால் காலம் தொடப்படவில்லை. 223 அப்படியே நின்றாலோ ஏறினாலோ காலம் நீண்டிருக்கிறது. வசூலித்த அசல் இரண்டிலும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதும் கண்ணில் பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 2022 ஜூலை தொடங்கிய காலாண்டில் அசலுக்குப் போனது 13,000 ரூபாய். 2023 ஜனவரிக் காலாண்டில் அது 3,500 ரூபாய். கட்டிய தொகையோ இரண்டிலும் ஒன்றுதான்.

சுற்றறிக்கை தேர்வைக் கொடுத்துவிட்டது. நடைமுறையில் அது ஒரு இணைப்புக்குள்ளோ, குறிப்பிட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால் காலம் நீட்டப்படும் என்ற வரிக்குள்ளோ ஒளிந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. பதில் சொல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் அறிவிப்பில் முதலில் தேட வேண்டும்.

தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? காலத்தை நீட்டுவது எப்போதுமே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுத் தவணையும் ஒன்றாக நிற்கிற ஆண்டில் மாதம் நாலாயிரத்து அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. ஆனால் இடைவழி இருக்கிறது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் மட்டும் கூட்டி 24,633 ஆக்கினாலே அசலுக்குப் போவது 595-லிருந்து 2,595 ஆகிவிடும். மீதி 480-லிருந்து சுமார் 297 ஆக இறங்கும். இன்னொரு வழி, தவணையை அப்படியே விட்டுவிட்டு அசலில் ஒரு தொகையைக் கட்டுவது. நம் எடுத்துக்காட்டில் 217 தவணைக்கே திரும்ப வேண்டுமென்றால் ஏறத்தாழ 4 லட்சத்து 93 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கட்டும்போது அந்தத் தொகைக்குத் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்குமாறு எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் நோக்கம் தவறிவிடும்.

வட்டி இறங்கும்போதும் இதே படிப்புத்தான், தலைகீழாக. 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி ரெப்போ 6.25 ஆனது, ஏப்ரலில் 6, ஜூன் 6-இல் 5.50. நம் கடனின் வட்டி 2025 ஜூலை முதல் தேதி 8.15 ஆகியிருக்கும். 2023 ஏப்ரலில் 27,288 ரூபாய்த் தவணையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அன்றைக்கு 190 தவணை பாக்கி. வங்கி தவணையைத் தொடாமல் விட்டால் அது 169 ஆகச் சுருங்கும். காலத்தைத் தொடாமல் தவணையைக் குறைத்தால் 25,640 ஆகும். மாதம் 1,648 ரூபாய் கையில் மிஞ்சும், ஆனால் மொத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் லட்சம் கூடுதலாகப் போகும். ஆகவே வட்டி குறைந்த அறிவிப்போடு தவணையும் குறைந்துவந்தால், அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்வதற்கு முன் பழைய தவணையையே தொடர முடியுமா என்று கேட்பது நல்லது.

தவணையை ஏற்றாமலே வந்தவரின் நிலையையும் இங்கே பார்க்க வேண்டும். வங்கி எந்த இடத்திலும் குறுக்கிடாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருந்தால், அதே 2025 ஜூலையில் அவர் 50 தவணை, அதாவது 11 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பார். குறைந்த அசல் ஒரு லட்சத்து 29 ஆயிரம். வட்டி ஒரு சதவீதம் இறங்கிய பிறகும் அவருக்கு 292 தவணை பாக்கி. வட்டி இறங்கினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு எண் காட்டுகிறது. 6.65-இல் போட்ட தவணை, வட்டி 6.65-க்குத் திரும்பினாலும் பழைய முடிவுத் தேதியைப் பிடிக்க முடியாது. இடையில் குறையாமல் நின்ற அசல் அங்கேயே இருக்கிறது.

கணக்கிட்ட எண்ணும் வங்கியின் எண்ணும் ஒன்றிரண்டு தவணை வித்தியாசப்பட்டால் பொருட்படுத்த வேண்டாம். தினசரி நிலுவையில் வட்டி கணக்கிடுவது, மாதத்தின் நடுவில் வட்டி மாறுவது, ரூபாய் முழுமையாக்குவது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. பத்துப் பதினைந்து தவணை வித்தியாசம் வந்தால் கேட்டே ஆக வேண்டும். கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். மின்னஞ்சலில் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு நான்கு விவரங்களைக் கேளுங்கள்: வட்டி மாறிய தேதியில் நிலுவை அசல், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் தவணைத் தொகை, முன்பும் பின்பும் மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ரெப்போவும் ஸ்ப்ரெட்டும் தனித்தனியாக. திருத்திய தவணை அட்டவணையையும் கேளுங்கள். எந்தத் தேர்வு வேண்டும் என்று முடிவு செய்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் எழுதிவிடலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. வீட்டு நிதி நிறுவனத்தின் கடன் என்றால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். புகாரோடு இணைக்க வேண்டியவை அந்த இரண்டு வரி அறிவிப்பு, வட்டி மாறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு காலாண்டு ஸ்டேட்மென்ட், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்.